ஒரு சந்தா, நாலு ப்ரொஃபைல், ரெண்டு திரை: தாம்பரம் பக்கத்துக் கணக்கு

ஓடிடி சந்தா பற்றி நண்பர்களிடமும் உறவினர்களிடமும் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று உண்டு. "அஞ்சு ப்ரொஃபைல் வச்சுக்கலாம்னு அவங்களே சொல்றாங்க, அப்புறம் மூணாவது ஆள் போட்டா ஏன் ஓடமாட்டேங்குது?" நியாயமான கேள்விதான். ப்ரொஃபைல் எத்தனை, ஒரே நேரத்தில் ஓடும் திரை எத்தனை, எத்தனை கருவியில் டவுன்லோட் செய்யலாம், எந்த வீட்டில் பார்க்கலாம் என்று நான்கு தனித்தனி விதிகள் இருக்கின்றன. நாம் எல்லாவற்றையும் "எத்தனை பேர் பார்க்கலாம்" என்ற ஒரே கேள்வியாகக் கேட்கிறோம். கடைக்காரரிடம் அரிசி விலை கேட்டால் அவர் நாலு வகையைச் சொல்வாரே, அந்த மாதிரி இங்கேயும் எந்த எண்ணைக் கேட்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

நெட்ஃப்ளிக்ஸை வைத்தே பார்ப்போம். அதன் விதிகள்தான் கொஞ்சம் விரிவானவை, நம் பக்கத்துக் குடும்பங்களை அதிகம் குழப்புவதும் அதுதான். இந்தியாவில் 2021 டிசம்பரில் விலையைக் குறைத்தார்கள். மொபைல் ப்ளான் 149 ரூபாய், பேஸிக் 199, ஸ்டாண்டர்ட் 499, ப்ரீமியம் 649 என்று ஆனது. இதில் மொபைலுக்கும் பேஸிக்குக்கும் ஒரு திரை, ஸ்டாண்டர்டுக்கு இரண்டு, ப்ரீமியத்துக்கு நான்கு. மொபைல் ப்ளானை ஃபோனிலும் டேப்லெட்டிலும் மட்டும்தான் பார்க்க முடியும், டிவிக்கு வராது. ஆனால் ப்ரொஃபைல் எந்த ப்ளானிலும் ஐந்து வரை வைத்துக்கொள்ளலாம். குழப்பத்தின் வேர் இங்கே இருக்கிறது. ஒரே ஒரு திரை ஓடும் 149 ரூபாய் கணக்கிலும் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, குழந்தை என்று ஐந்து முகங்கள் வரிசையாக நிற்கும். அதைப் பார்த்தால் ஐந்து பேருக்கும் இடம் இருப்பது போலத்தான் தெரியும்.

ப்ரொஃபைல் என்பது ஒரு நோட்டுப் புத்தகம் மாதிரி. யார் எதைப் பார்த்தார்கள், எந்த எபிசோடில் எத்தனையாவது நிமிடத்தில் நிறுத்தினார்கள், எந்த மொழியில் சப்டைட்டில், குழந்தைக்கு எந்த வயது வரை காட்டலாம் என்பதெல்லாம் அதில் எழுதப்படும். வேண்டுமானால் நாலு இலக்கப் பின் நம்பர் போட்டுப் பூட்டலாம். அதற்கும் திரை எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே ப்ரொஃபைலில் இரண்டு பேர் இரண்டு டிவியில் பார்த்தாலும் இரண்டு திரைதான். இரண்டு ப்ரொஃபைலில் பார்த்தாலும் இரண்டு திரைதான். ஒரே ப்ரொஃபைலைப் பகிர்ந்தால் வேறொரு தொல்லை உண்டு. அம்மா ஆறாவது எபிசோடில் இருப்பார், பெண் ஒன்பதாவதைப் பார்த்து வைத்திருப்பாள். அடுத்த நாள் அம்மா போட்டால் கதை முடிவிலிருந்து ஆரம்பிக்கும்.

சரி, திரையை சர்வர் எப்படி எண்ணுகிறது? இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

நாம் ப்ளே பொத்தானை அழுத்தியதும் வீடியோ நேராக ஓட ஆரம்பிப்பதில்லை. ஆப் முதலில் சர்வரிடம் அனுமதி கேட்கிறது. இந்தக் கணக்கில் இப்போது எத்தனை ஓடிக்கொண்டிருக்கிறது, ப்ளானில் எத்தனைக்கு இடம் என்று சர்வர் பார்க்கும். இடம் இருந்தால் வீடியோவின் பூட்டைத் திறக்கும் சாவி வரும், ஒரு இடம் நிரம்பியதாகக் குறித்துக்கொள்ளும். அதன் பிறகு ஆப் சீரான இடைவெளியில் "இன்னும் ஓடுது, இன்னும் ஓடுது" என்று தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்தத் துறையில் இதற்கு ஹார்ட்பீட், அதாவது இதயத்துடிப்பு என்று பெயர். நிறுத்திவிட்டு முறையாக வெளியே வந்தால் "முடிஞ்சுது" என்ற தகவல் போகும், இடம் உடனே காலியாகும். துடிப்பு திடீரென்று நின்றுபோனால் சர்வர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் இடத்தைக் காலி செய்யும். காத்திருக்கக் காரணம் உண்டு. ரயிலில் போகும்போது சிக்னல் அரை நிமிடம் போய்த் திரும்பி வரும். அதற்கெல்லாம் படத்தை நிறுத்தினால் யாராலும் பார்க்க முடியாது.

இப்படி எண்ணுவதையே ஒரு சேவையாக விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அடோபி நிறுவனத்தின் கன்கரன்ஸி மானிட்டரிங் என்ற சேவை அதில் ஒன்று. டிவி நிறுவனங்களுக்காகச் செய்தது. அதிலும் இதே கதைதான். ஒரு செஷன் ஆரம்பம், நடுவில் துடிப்பு, வரம்பு மீறினால் 409 என்ற மறுப்பு எண். நம் டிவியில் அந்த எண் தெரியாது, "அதிகம் பேர் பார்க்கிறார்கள்" என்ற அர்த்தத்தில் ஒரு வாக்கியம்தான் வரும்.

இதை ஒரு குடும்பத்தில் பொருத்திப் பார்ப்போம். கற்பனைக் குடும்பம்தான், ஆனால் தாம்பரத்தில் எந்தத் தெருவில் கேட்டாலும் இந்த மாதிரி ஒன்று இருக்கும். அப்பாவும் அம்மாவும் சேலையூரில் சொந்த வீட்டில். மூத்த பெண் கல்யாணமாகிப் பெருங்களத்தூரில் அபார்ட்மெண்டில். பையன் காட்டாங்கொளத்தூரில் ஹாஸ்டலில். கணக்கு அப்பா பெயரில், ஸ்டாண்டர்ட் ப்ளான், இரண்டு திரை. ப்ரொஃபைல் நாலு.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணி. சேலையூரில் அப்பா ஹால் டிவியில் ஒரு படம் போடுகிறார். ஒரு இடம் போயிற்று. எட்டேகாலுக்குப் பெருங்களத்தூரில் அக்கா ஃபோனில் ஒரு சீரிஸ் போடுகிறாள். இரண்டும் நிரம்பியாயிற்று. எட்டு இருபதுக்குப் பையன் லேப்டாப்பைத் திறக்கிறான், இடம் இல்லை என்று வருகிறது. இதுவரை எல்லாம் ஒழுங்கான கணக்கு.

எட்டரைக்கு சேலையூரில் கரண்ட் போகிறது. டிவி அணைந்துவிட்டது. "முடிஞ்சுது" என்று சொல்ல டிவிக்கு நேரமே கிடைக்கவில்லை. அம்மா ஹாஸ்டலுக்கு ஃபோன் செய்து, "இங்க கரண்ட் இல்லடா, இப்ப நீ பாரு" என்கிறார். அவன் உடனே போட்டால் அப்போதும் இடம் இல்லை என்றுதான் வரும், ஏனென்றால் சர்வர் கணக்கில் அப்பாவின் படம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சில நிமிடம் கழித்துத் துடிப்பு வராததால் இடம் காலியாகிறது, பையனுக்குப் படம் ஓடுகிறது. ஒன்பது மணிக்குக் கரண்ட் வருகிறது. அப்பா டிவியைப் போடுகிறார். இப்போது அவருக்கு இடம் இல்லை!

"காசு கட்டுறது நான், எனக்கே இல்லன்னா என்ன அர்த்தம்?" என்று அவர் கேட்பது நமக்குப் புரியும். சர்வருக்குப் புரியாது. கணக்கு யார் பெயரில் என்பதற்கு அங்கே முன்னுரிமை கிடையாது. முதலில் வந்தவருக்கு இடம், அவ்வளவுதான். சில சேவைகளில் புதிதாக வந்தவர் பழையதை நிறுத்திவிட்டுத் தான் பார்க்கும்படி ஒரு பொத்தான் தருவார்கள். அது இருந்தால் சண்டையின் வடிவம்தான் மாறும்: பையன் கிளைமாக்ஸில் இருக்கும்போது படம் நின்றுபோகும்.

கரண்ட் போகாமலேயே இப்படி ஒரு பேய்த் திரை உருவாகும். டிவி பின்னால் ஃபயர் ஸ்டிக் போன்ற குச்சியைச் செருகிப் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. ரிமோட்டில் டிவியை மட்டும் அணைத்தால், குச்சிக்குத் தனி அடாப்டர் வழியாகக் கரண்ட் போய்க்கொண்டிருந்தால், அது பாட்டுக்கு அடுத்த எபிசோடை ஓட்டிக்கொண்டே இருக்கலாம். டிவி அணைந்ததை எச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் குச்சிக்குச் சொல்லும் வசதி உண்டு. அது டிவியில் ஆன் செய்யப்பட்டிருக்க வேண்டும், எல்லா டிவியிலும் அது ஒழுங்காக வேலை செய்வதும் இல்லை. நெட்ஃப்ளிக்ஸ் சில எபிசோடுகள் கழித்து "இன்னும் பார்க்கிறீர்களா" என்று கேட்டு நிறுத்தும். அதுவரை இருட்டு ஹாலில் யாரும் பார்க்காத ஒரு திரை ஓடும், காட்டாங்கொளத்தூரில் பையன் காத்திருப்பான். அணைப்பதற்கு முன் பேக் பொத்தானை அழுத்தி வீடியோவிலிருந்து வெளியே வருவது மட்டும்தான் உறுதியான வழி.

எந்த இடம் எங்கே போயிற்று என்று தெரிய வேண்டுமானால், கணக்குப் பக்கத்தில் Manage access and devices என்று ஒன்று இருக்கிறது. சமீபத்தில் எந்தெந்தக் கருவியில், எந்த ப்ரொஃபைலில், எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்று காட்டும். வேண்டாத கருவியை அங்கிருந்தே வெளியேற்றலாம். பழைய டிவியை விற்றவர்கள், வாடகை வீட்டு டிவியில் லாகின் செய்துவிட்டுக் காலி செய்தவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: அங்கே காட்டும் ஊர் இணைய முகவரியை வைத்துச் சொல்லும் உத்தேசம்தான். ஃபோன் டேட்டாவில் பார்த்தால் தாம்பரத்தில் உட்கார்ந்திருக்கிறவரை வேறு ஊர் என்று காட்டலாம். உடனே "யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்று பதற வேண்டாம். முதலில் கருவியின் பெயரையும் தேதியையும் பாருங்கள்.

இன்னொன்றையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். படம் சுற்றிக்கொண்டே நின்றால் அது திரை வரம்பு இல்லை. வரம்பு என்றால் தெளிவாக ஒரு வாக்கியம் வரும், படம் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. சுற்றுவதும் மங்கலாவதும் நெட் வேகம் போதாததால். 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ், முழு எச்டிக்கு 5 தேவை என்று நெட்ஃப்ளிக்ஸ் சொல்கிறது. ப்ரீமியம் வாங்கி நாலு அறையிலும் 4கேயில் பார்த்தால் 60 எம்பிபிஎஸ் வேண்டும். 40 எம்பிபிஎஸ் இணைப்பை வைத்துக்கொண்டு ப்ளானை மாற்றிப் பயனில்லை, கேபிள்காரரிடம்தான் பேச வேண்டும்.

இனி வீடு என்ற விதி. மேலே சொன்ன குடும்பம் ஒழுங்காக இரண்டு திரைக்குள்ளேயே பார்த்தாலும் அவர்களுக்குச் சிக்கல் வரும். 2023 ஜூலை 20 அன்று நெட்ஃப்ளிக்ஸ் இந்தியாவில் பாஸ்வேர்ட் பகிர்வுக்கு முடிவு கட்டும் வேலையை ஆரம்பித்தது. ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும் என்றது. 2017ல் இதே நிறுவனம் பாஸ்வேர்டைப் பகிர்வதுதான் அன்பு என்ற பொருளில் ட்விட்டரில் எழுதியதை அப்போது எல்லாரும் தோண்டி எடுத்துப் போட்டார்கள். வேறு பல நாடுகளில் கூடுதல் பணம் கட்டி வெளியே இருக்கும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்தியா, இந்தோனேசியா, குரோஷியா, கென்யா ஆகியவற்றில் அந்த வசதியைத் தரவில்லை. இந்த மாதிரி நாடுகள் பலவற்றில் சமீபத்தில்தான் விலையைக் குறைத்தோம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

இதில் வீடு என்பது ரத்த உறவு இல்லை. ஒரே கூரை, இன்னும் சரியாகச் சொன்னால் ஒரே இணைய இணைப்பு. டிவியில் நெட்ஃப்ளிக்ஸ் எந்த இணைப்பில் ஓடுகிறதோ அதை வீடு என்று குறித்துக்கொண்டு, அதே இணைப்பில் வரும் மற்ற கருவிகளையும் அந்த வீட்டோடு சேர்த்துக்கொள்ளும். இணைய முகவரி, கருவியின் அடையாளம், கணக்கின் நடமாட்டம் ஆகியவற்றைப் பார்ப்பதாகச் சொல்கிறார்கள். ஜிபிஎஸ் வைத்து இடம் பார்ப்பதில்லை. ஆகவே பெருங்களத்தூர் அக்கா அப்பாவின் சொந்த மகளாக இருந்தாலும் அவள் வீட்டு டிவி வேறு வீடு. அந்த டிவி நெட்ஃப்ளிக்ஸ் வீட்டில் இல்லை என்று ஒரு நாள் செய்தி வரும்.

நம் பக்கத்தில் இதன் வேடிக்கையான ஓரம் மாடி போர்ஷன்தான். ராஜகீழ்ப்பாக்கத்திலோ செம்பாக்கத்திலோ கீழே அப்பா அம்மா, மேலே மகன் குடும்பம் என்று ஒரே காம்பவுண்டில் எத்தனை வீடுகள்! கீழ் வீட்டு வைஃபையையே ஒரு கேபிள் இழுத்து மாடியிலும் ஒரு ரவுட்டர் வைத்திருந்தால் வெளியே ஒரே இணைப்புதான், இரண்டு டிவியும் ஒரே வீடு. மாடிக்குத் தனியாக வேறு கம்பெனி கனெக்‌ஷன் எடுத்திருந்தால், நடுவில் பதினாறு படிதான் என்றாலும், அது வேறு வீடாகத் தெரிய வாய்ப்பு அதிகம். எதிர்த் திசையிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. பல இணைய நிறுவனங்கள் ஐபி முகவரிப் பற்றாக்குறையால் நிறைய வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி `100.64.` முதல் `100.127.` வரை ஏதாவது ஒன்றில் ஆரம்பித்தால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் முகவரியை மட்டும் வைத்து வீட்டைப் பிரிக்க முடியாது. கருவி அடையாளத்தையும் நடமாட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அமேசான் ப்ரைம் வேறு மாதிரி எண்ணுகிறது. 2025 ஜனவரியிலிருந்து இந்தியாவில் ஒரு சந்தாவுக்கு ஐந்து கருவிகள், அதில் டிவி இரண்டுக்கு மேல் கூடாது. இங்கே ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் எண்ணுவதில்லை, பதிவு செய்த கருவிகளையும் எண்ணுகிறார்கள். சேலையூர் ஹால், சேலையூர் பெட்ரூம், பெருங்களத்தூர் ஹால் என்று மூன்று டிவி இருந்தால், மற்ற இரண்டும் அணைந்திருந்தாலும் மூன்றாவது டிவிக்கு இடமில்லை. செட்டிங்ஸில் போய் ஒன்றை நீக்க வேண்டும். ஜியோஹாட்ஸ்டாரில் பழைய முறைதான்: மொபைல், சூப்பர், ப்ரீமியம் என்று ஒன்று, இரண்டு, நான்கு. ஐபிஎல் ராத்திரியில் ஒரே வீட்டில் மூன்று அறையில் அதே மேட்சைத் தனித்தனியாகப் பார்த்தாலும் மூன்று இடம் போகும்.

நம் குடும்பத்துக்குத் திரும்புவோம். அவர்கள் என்ன செய்யலாம்? முதலில் தோன்றுவது ப்ரீமியத்துக்கு மாறுவது. மாதம் 649, நாலு திரை. திரைச் சண்டை தீரும், வீட்டு விதி தீராது. பெருங்களத்தூர் டிவிக்கு அப்போதும் அதே செய்தி வரும். இன்னொரு வழி, ஆளுக்கொன்று. சேலையூருக்கு பேஸிக் 199, பெருங்களத்தூருக்கு பேஸிக் 199, ஹாஸ்டல் பையனுக்கு மொபைல் 149. கூட்டினால் 547 ரூபாய். இப்போது கட்டும் 499ஐ விட 48 ரூபாய்தான் அதிகம், ப்ரீமியத்தை விட 102 குறைவு. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். இழப்பது படத் தரத்தை. பேஸிக்கில் 720பி, மொபைலில் 480பி. 32 அங்குல டிவியில் 720பி பெரிதாக உறுத்தாது. 55 அங்குலத்தில் அப்பாவுக்கே வித்தியாசம் தெரியும். பையன் லேப்டாப்பில் பார்க்க முடியாது என்பதும் கணக்கில் வர வேண்டும், மொபைல் ப்ளானில் அது ஓடாது. அவன் லேப்டாப்தான் வேண்டும் என்றால் அவனுக்கும் பேஸிக், மொத்தம் 597. அப்போதும் ப்ரீமியத்தை விடக் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு திரைதான். சேலையூரில் அப்பா ஹாலிலும் அம்மா ஃபோனிலும் ஒரே நேரத்தில் பார்க்கிறவர்கள் என்றால் இந்த வழி சரிவராது.

ரயிலில் பார்க்கிறவர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. தாம்பரத்திலிருந்து பீச் வரை போய்வருகிற அக்கா, காலையில் வீட்டு வைஃபையில் இரண்டு எபிசோடை டவுன்லோட் செய்துகொண்டால், நெட்டை அணைத்துவிட்டுப் பார்க்கும்போது திரை எண்ணிக்கையில் அது வராது. ஓடுகிறது என்று சொல்லத் துடிப்பே போகவில்லையே. எத்தனை கருவியில் டவுன்லோட் வைத்திருக்கலாம் என்பதற்குத் தனி வரம்பு: மொபைல், பேஸிக்கில் ஒன்று, ஸ்டாண்டர்டில் இரண்டு, ப்ரீமியத்தில் ஆறு. டவுன்லோடுக்குக் காலாவதியும் உண்டு, படத்துக்குப் படம் மாறும்.

பிரிந்து போகும்போது பார்த்த வரலாறு போய்விடுமே என்று கவலைப்படுகிறவர்கள் நிறைய. அதற்காகவே 2022 அக்டோபரில் Transfer Profile என்ற வசதியைக் கொண்டுவந்தார்கள். அக்கா தன் ப்ரொஃபைலைத் தன் சொந்த மின்னஞ்சலில் தொடங்கும் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். பார்த்தவை, பட்டியலில் சேர்த்தவை, பரிந்துரைகள் கூடவே வரும். இதைச் செய்ய வேண்டிய நேரம் அப்பா கணக்கு உயிரோடு இருக்கும்போது; பாஸ்வேர்டை மாற்றி எல்லாரையும் வெளியேற்றிய பிறகு "என் ப்ரொஃபைலக் குடுங்கப்பா" என்று கேட்பது வீண் அலைச்சல். கணக்கின் சொந்தக்காரர் அந்த வசதியை நிறுத்தி வைத்திருந்தால் முதலில் அவர் அதைத் திறந்துவிட வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் பத்து நாள் பெருங்களத்தூருக்கு வந்து தங்கினால் அது தனிக் கதை. அப்போது அந்த டிவியில் தற்காலிகமாகப் பார்க்க ஒரு குறியீடு கேட்கலாம். அது கணக்கில் இருக்கும் மின்னஞ்சலுக்கோ ஃபோன் நம்பருக்கோ போகும், 15 நிமிடத்துக்குள் போட்டாக வேண்டும். கணக்கில் இருப்பது அப்பாவின் பழைய ஆபீஸ் மின்னஞ்சலாக இருந்தால், ரிட்டயர் ஆன பிறகு அது திறக்காது. கிளம்புவதற்கு முன் சேலையூரில் உட்கார்ந்தே அதை மாற்றிவிடுங்கள்.